3.72-ஆ, 2.32-ஆ: ஒரே கம்பெனிக்குள் மின்சாரத்துக்கு என்ன விலை?

கொல்கத்தாவுக்கு வடக்கே ஹூக்ளி மாவட்டத்தில் திரிவேணி என்ற ஊர் இருக்கிறது. அங்கே சிகரெட் சுற்றும் மெல்லிய காகிதம் செய்யும் ஆலை ஒன்று திரிவேணி டிஷ்யூஸ் என்ற பெயரில் தனிக் கம்பெனியாக இருந்தது. 1990-இல் ஐ.டி.சி. அதைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. அதுவரை திரிவேணியிலிருந்து சிகரெட் தொழிற்சாலைக்குக் காகிதம் போனால் அது விற்பனை. பில் உண்டு, பேரம் உண்டு, ஒருவருடைய வரவு மற்றவருடைய செலவு. சேர்ந்த பிறகும் அதே லாரியில் அதே காகிதம்தான் போயிருக்கும். ஆனால் சட்டப்படி அது விற்பனை இல்லை, ஒரே வீட்டுக்குள் ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்குப் போகும் சாமான். 2002-இல் பத்ராசலம் பேப்பர்போர்ட்ஸ் கம்பெனியும் இதே போல ஐ.டி.சி.க்குள் வந்தது, காகிதத் தொழில் முழுவதும் ஒரே பிரிவானது. பேரம் பேசும் இருவர் இல்லாமல் போன பிறகும் காகிதத்துக்கு ஒரு விலை எழுதித்தான் ஆகவேண்டும். அந்த விலையை யார் எழுதுகிறார், எந்த அடிப்படையில் எழுதுகிறார் என்பதைப் பொறுத்துக் காகிதப் பிரிவு லாபக்காரனாகவோ வெறும் சப்ளைக்காரனாகவோ ஆகிறது. காஸ்ட் அக்கவுண்டண்ட் வேலையில் இருப்பவர்களுக்கு இந்தக் கேள்வி தினசரிச் சோறு. அது வெறும் கணக்கு நடைமுறை என்று ஒதுக்கப்படுவதை நான் ஏற்பதில்லை. பிரிவின் லாபம் என்பது பாதி உழைப்பின் விளைவு, பாதி யாரோ எழுதிய விலையின் விளைவு. அந்த விலையைச் சொல்லாமல் லாபத்தை மட்டும் சொன்னால் அது அரைகுறைத் தகவல்.

இதைத் தெளிவாகப் பார்க்கக் காகிதத்தை விட மின்சாரம் வசதி. காகிதத்தில் ரகம், அகலம், எடை என்று நூறு வேறுபாடுகள் உண்டு. ஒரு யூனிட் மின்சாரத்துக்கும் இன்னொரு யூனிட்டுக்கும் வித்தியாசம் கிடையாது, கிடங்கில் சேர்த்து வைக்கவும் முடியாது. போதாததற்கு இந்த விஷயத்தில் உச்ச நீதிமன்றம் வரை போன வழக்கே இருக்கிறது. ஜிண்டால் ஸ்டீல் அண்ட் பவர் கம்பெனி தன் உருக்காலைகளுக்காகச் சொந்த மின்நிலையம் வைத்திருந்தது. உருக்காலைக்குக் கொடுத்த மின்சாரத்துக்கு யூனிட்டுக்கு 3.72 ரூபாய் என்று எழுதியது. மாநில மின்வாரியம் தொழிற்சாலைகளுக்கு வசூலித்த விலை அது. தன் தேவைக்குப் போக மீந்ததை அதே வாரியத்துக்கே விற்றபோது கிடைத்தது 2.32 ரூபாய்தான். வாரியத்துக்கு 2.32-க்கு விற்கிற நீ உன் சொந்த ஆலைக்கு மட்டும் ஏன் 3.72 போடுகிறாய் என்று வருமான வரித்துறை கேட்டது. மின் உற்பத்தி லாபத்துக்கு வருமான வரிச் சட்டத்தின் 80-ஐஏ பிரிவில் பத்து வருடம் முழு விலக்கு கிடைத்ததால் வந்த கேள்வி அது. மின்நிலையத்தின் பக்கம் லாபம் எவ்வளவு தெரிகிறதோ அவ்வளவுக்கு வரி இல்லை.

இதே இரண்டு விலைகளை வைத்துக்கொண்டு ஓர் உதாரணக் கணக்குப் போடுகிறேன். மற்ற எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்டவை. ஒரு காகித ஆலைக்குச் சொந்த மின்நிலையம் இருக்கிறது. வருடம் 10 கோடி யூனிட் ஆலைக்குக் கொடுக்கிறது. ஒரு யூனிட் தயாரிக்க 2 ரூபாய் செலவு. அதில் நிலக்கரி போன்ற மாறும் செலவு 1.20, தேய்மானம், சம்பளம், பராமரிப்பு என்று வருடம் 8 கோடி ரூபாய் நிலையான செலவின் பங்கு 80 பைசா. மின்சாரச் செலவைக் கழிக்காமல் பார்த்தால் காகித ஆலைக்கு 50 கோடி மிஞ்சுகிறது. யூனிட்டுக்கு 3.72 எழுதினால் மின்நிலையத்தின் லாபம் 17.20 கோடி, ஆலையின் லாபம் 12.80 கோடி. 2.32 எழுதினால் மின்நிலையத்துக்கு 3.20 கோடி, ஆலைக்கு 26.80 கோடி. அடக்க விலையான 2 ரூபாயை எழுதினால் மின்நிலையத்துக்கு ஒன்றுமில்லை, ஆலைக்கு 30 கோடி. மூன்றிலும் கூட்டிப் பாருங்கள், 30 கோடிதான். யாரும் ஒரு கிலோ நிலக்கரி கூட மிச்சம் பிடிக்கவில்லை, ஒரு டன் காகிதம் கூட அதிகம் விற்கவில்லை. ஒரு பேனா அசைவில் 14 கோடி ரூபாய் ஒரு பிரிவின் பெயரிலிருந்து இன்னொன்றின் பெயருக்குப் போய்விட்டது.

கூட்டுத்தொகை மாறவில்லையே, பிறகு எதற்கு இந்தச் சர்ச்சை என்று கேட்பவர்கள் உண்டு. வரிக்கு முந்திய கூட்டுத்தொகைதான் மாறவில்லை. மின்நிலையத்தின் லாபத்துக்கு விலக்கு இருக்கிற வருடங்களில் 3.72 எழுதினால் 12.80 கோடிக்கு வரி, 2.32 எழுதினால் 26.80 கோடிக்கு வரி. 30 சதவீத விகிதத்தில் வித்தியாசம் 4.20 கோடி. இது நிஜமாகவே கம்பெனியை விட்டு வெளியே போகிற பணம். (புத்தக லாபத்தின் மீதான குறைந்தபட்ச மாற்று வரி இந்தச் சேமிப்பின் ஒரு பகுதியைத் தள்ளிப்போடும், அந்தக் கணக்கை இங்கே விட்டுவிடுகிறேன்.) வரியைத் தாண்டியும் விளைவுகள் உண்டு. ஆலை மேலாளரின் போனஸ் 12.80 கோடியைப் பார்த்தா, 26.80 கோடியைப் பார்த்தா? அடுத்த வருடம் புதிய டர்பைன் வாங்கலாமா, புதிய காகித மெஷின் வாங்கலாமா என்று போர்டு உட்காரும்போது எந்தப் பிரிவு நன்றாகச் சம்பாதிப்பதாகத் தெரியும்? முதலீடு எந்தப் பக்கம் போகிறதோ, கம்பெனியின் அடுத்த பத்து வருடம் அந்தப் பக்கம் போகும்.

அப்படியானால் சந்தை விலையை எழுதிவிட வேண்டியதுதானே என்பது அடுத்த ஆட்சேபம். சட்டமும் அதைத்தான் சொல்கிறது: 80-ஐஏ(8)-இன்படி ஒரே கம்பெனியின் ஒரு தொழிலிலிருந்து இன்னொரு தொழிலுக்குப் போகும் சரக்கைச் சந்தை மதிப்பில் கணக்கிட வேண்டும். ஆனால் 3.72, 2.32 இரண்டுமே சந்தையில் இருக்கிற விலைகள்தான். ஒன்று வாங்குகிறவன் கொடுப்பது, மற்றது விற்கிறவனுக்குக் கிடைப்பது. நடுவில் கம்பி, டிரான்ஸ்ஃபார்மர், வசூல், வாரியத்தின் ஏகபோகம் எல்லாம் இருக்கின்றன. இதில் நீதிமன்றங்களே ஒத்துப்போகவில்லை. ஐ.டி.சி.யின் சொந்த மின் உற்பத்தி குறித்த வழக்கில் கல்கத்தா உயர் நீதிமன்றம் 2015-இல் சொன்னது இது: மின்சாரம் தயாரிப்பவர் அதை விநியோக நிறுவனத்துக்குத்தான் விற்க முடியும், ஆகவே அந்த விலைதான் அவருக்குச் சந்தை விலை, நுகர்வோர் கொடுக்கும் விலையில் விநியோகத்தின் பங்கும் இருக்கிறது, அதைத் தயாரிப்பவர் கேட்க முடியாது. ஜிண்டால் வழக்கில் 2023 டிசம்பர் 6 அன்று நீதிபதிகள் பி.வி. நாகரத்னா, உஜ்ஜல் புயான் அமர்வு எதிர்த்திசையில் தீர்ப்பளித்தது. வாரியம் கொடுத்த 2.32 திறந்த சந்தையில் பேசி முடிவான விலையே அல்ல, விற்பவருக்கு வேறு வழி இல்லாத இடத்தில் ஏற்றுக்கொண்ட விலை. ஆலை வெளியே போய் மின்சாரம் வாங்கியிருந்தால் கொடுத்திருக்கும் 3.72-தான் சந்தை மதிப்பு என்றது. கல்கத்தாத் தீர்ப்பின் வாதத்தில் எனக்கு மதிப்பு உண்டு. விநியோகச் செலவு பற்றி அது சொல்வது பொருளாதாரப்படி வலுவானது. ஆனால் போட்டியே இல்லாத ஒரு கொள்முதல் விலையைச் சந்தை என்று அழைக்க முடியாது என்பதில் உச்ச நீதிமன்றம் சொல்வதுதான் சரி என்று நினைக்கிறேன்.

இங்கேதான் பெரும்பாலான கம்பெனிகள் வழுக்குகின்றன. வரிக்குச் சரியான விலை என்று நீதிமன்றம் சொன்னதை ஆலை மேலாளரின் மேஜைக்கும் அப்படியே கொண்டுபோய்விடுகிறார்கள். நீதிமன்றத்தின் முன் இருந்த கேள்வி, கொடுத்த சரக்கின் மதிப்பு எவ்வளவு என்பது. மேலாளர் முன் இருக்கிற கேள்வி வேறு: இந்த ஆர்டரை எடுக்கலாமா, வேண்டாமா? ஆலைக்குக் கூடுதலாக ஓர் ஆர்டர் வருகிறது என்று வையுங்கள். அதை முடிக்க 10 லட்சம் யூனிட் வேண்டும். மின்சாரம் தவிர மற்ற செலவெல்லாம் போக 25 லட்சம் ரூபாய் மிஞ்சும். யூனிட்டுக்கு 3.72 என்று பார்க்கிற மேலாளருக்கு மின்செலவு 37.20 லட்சம், நஷ்டம் 12.20 லட்சம், ஆர்டரைத் திருப்பி அனுப்புவார். அவரைக் குறை சொல்ல முடியாது, அவர் கண் முன் வைத்த விலை அதுதான். ஆனால் மின்நிலையத்தில் அப்போது மிச்சம் இருந்து அது வாரியத்துக்கு 2.32-க்குப் போய்க்கொண்டிருந்தால், அந்த 10 லட்சம் யூனிட்டால் கம்பெனிக்கு வருவது 23.20 லட்சம்தான். ஆர்டரை எடுத்திருந்தால் 1.80 லட்சம் கூடுதல். வாரியமும் வாங்க மறுக்கிற மாதமாக இருந்தால் அந்த மின்சாரத்தின் உண்மையான செலவு நிலக்கரிச் செலவான 1.20 மட்டும், ஆர்டரில் 13 லட்சம் லாபம் போயிற்று. மாறாக மின்நிலையம் முழுவீச்சில் ஓடி, மேற்கொண்டு ஒவ்வொரு யூனிட்டையும் கிரிட்டிலிருந்து 3.72-க்கு வாங்குகிற நாளாக இருந்தால் மேலாளர் மறுத்தது மிகச் சரி. ஒரே ஆலை, ஒரே மின்நிலையம், ஆனால் சரியான விலை மூன்று. எது என்பதைக் கடைசி யூனிட் எங்கிருந்து வருகிறது, எங்கே போயிருக்கும் என்பது முடிவு செய்கிறது. ஜாக் ஹிர்ஷ்லைஃபர் என்ற பொருளாதார அறிஞர் 1956-இல் எழுதிய கட்டுரையின் சாரமும் இதுதான்: வெளிச்சந்தை இல்லாத இடத்தில் உள்விலை விளிம்புச் செலவாக இருந்தால்தான் பிரிவுகள் எடுக்கும் முடிவு கம்பெனிக்கும் நல்ல முடிவாக இருக்கும்.

சந்தை வேண்டாம், அடக்க விலையையே எழுதிவிடுவோம், யாருக்கும் சண்டை இல்லை என்பவர்களுக்கும் பதில் சொல்ல வேண்டும். உண்மையான அடக்கத்தை அப்படியே தள்ளிவிட்டால் மின்நிலையத்தின் திறமைக்குறைவும் அதோடு தள்ளப்படுகிறது. நிலக்கரி அதிகம் எரிந்தாலும் ஆலை கொடுத்துவிடும், பிறகு மின்நிலைய மேலாளருக்கு என்ன கவலை? இதை விடப் பெரிய தொல்லை நிலையான செலவில் இருக்கிறது. காகிதத்துக்குத் தேவை குறைந்து ஆலை 5 கோடி யூனிட் மட்டும் எடுத்தால், 8 கோடி நிலையான செலவு யூனிட்டுக்கு 80 பைசாவிலிருந்து 1.60-ஆக ஏறும், அடக்கம் 2 ரூபாயிலிருந்து 2.80-க்குப் போகும். மந்தமான வருடத்தில் மின்சார விலை ஏறுகிறது, அதைப் பார்த்து ஆலை இன்னும் ஆர்டர்களை மறுக்கிறது, எடுக்கும் யூனிட் இன்னும் குறைகிறது, விலை இன்னும் ஏறுகிறது. இதைக் கண்டுபிடிப்பது எளிது. வெளியில் விற்பனை சரிந்த மாதங்களில் உள்விலை ஏறியிருந்தால், நிலையான செலவு யூனிட் விலைக்குள் ஒளிந்திருக்கிறது என்று பொருள்.

அந்த 2 ரூபாயே எவ்வளவு உறுதியான எண் என்பதும் பார்க்க வேண்டியது. காகித ஆலையில் பாய்லரிலிருந்து வரும் உயர் அழுத்த நீராவி டர்பைனைச் சுழற்றி மின்சாரம் தருகிறது. அழுத்தம் குறைந்து வெளியே வரும் அதே நீராவி காகித மெஷினின் டிரையர் உருளைகளுக்குப் போய் ஈரக் காகிதத்தை உலர்த்துகிறது. ஒரே நிலக்கரிக்கு இரண்டு பயன். பாய்லருக்குப் போன நிலக்கரியில் எத்தனை பங்கு மின்சாரத்துக்கு, எத்தனை பங்கு உலர்த்தலுக்கு? நீராவியில் எஞ்சிய வெப்பத்தின் அளவைப் பார்த்துப் பிரித்தால் பெரும்பங்கு டிரையர் பக்கம் விழும், மின்சாரம் மலிவாகத் தெரியும். நீராவியால் செய்யக்கூடிய வேலையின் அளவைப் பார்த்துப் பிரித்தால் உயர் அழுத்தத்துக்கு மதிப்பு கூடும், மின்சாரத்தின் பங்கு ஏறும். இரண்டுக்கும் பொறியியல் நியாயம் உண்டு. மீட்டர் எங்கே மாட்டியிருக்கிறது என்பதும் கணக்கை மாற்றும். ஜெனரேட்டர் முனையில் காட்டும் யூனிட்டுக்கும் ஆலை வாசலில் காட்டும் யூனிட்டுக்கும் இடையே பம்புகளும் மின்விசிறிகளும் நிலக்கரி அரவையும் தின்னும் மின்சாரம் இருக்கிறது. அது எவர் தலையில் என்று எழுதி வைக்காத இடத்தில் வருடா வருடம் சண்டை நடக்கும். அடக்க விலையில் பேரம் இல்லை என்பவர்கள் இந்த மீட்டர் அறைக்குள் போனதில்லை.

நான் பரிந்துரைப்பது மின்வாரியமே பெரிய தொழிற்சாலைகளுக்கு அனுப்பும் பில்லின் அமைப்பு. அதில் டிமாண்ட் சார்ஜ் தனி, யூனிட் கட்டணம் தனி. அதே மாதிரி, மின்நிலையத்தின் பட்ஜெட் நிலையான செலவான 8 கோடியை, ஆலை முன்பதிவு செய்துகொண்ட திறனுக்கான ஆண்டுக் கட்டணமாக எழுதிவிட வேண்டும். எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் அது உண்டு. யூனிட்டுக்கு 1.20 என்ற திட்டச் செலவைத் தனியாக எழுத வேண்டும். வெளியே விற்கவோ வாங்கவோ முடிகிற மாதங்களில் விளிம்பு விலையை அதற்கு மேல் அறிவித்துவிடலாம். மின்நிலைய மேலாளரை லாபத்தால் எடை போடாமல், ஒரு யூனிட்டுக்கு எவ்வளவு நிலக்கரி எரித்தார், எத்தனை மணி நேரம் மின்நிலையம் தயாராக இருந்தது என்பதால் எடை போட வேண்டும். அவர் கையில் இருப்பது அவைதான்; 3.72 என்ற விலை அவர் சம்பாதித்தது அல்ல. இதற்கு ஒரு நேர்மையான ஆட்சேபம் வரும்: வரிக்கு ஒரு விலை, நிர்வாகத்துக்கு ஒரு விலை என்றால் இரட்டைக் கணக்கு ஆகாதா? ஆகாது என்பதே என் உறுதியான கருத்து. இரண்டுக்கும் அடிப்படை ஒரே மீட்டர் ரீடிங், ஒரே நிலக்கரி ரசீது. இரண்டு எண்களுக்கும் இடையே உள்ள வித்தியாசத்தை ஒவ்வொரு வரியாக விளக்கும் சமரசப் பட்டியல் இருந்தால் அதில் மறைப்பு எதுவும் இல்லை. அந்தப் பட்டியல் இல்லாமல் இரண்டு விலை வைப்பதுதான் ஆபத்து. 2012-இல் குறிப்பிட்ட சில உள்நாட்டுப் பரிமாற்றங்களுக்கும் சார்பற்றவர்களிடையே நிலவக்கூடிய விலை என்ற அளவுகோல் வந்த பிறகு, ஏன் இந்த விலை என்று காகிதத்தில் நிரூபிக்கும் பொறுப்பு கம்பெனியின் மேல் விழுந்துவிட்டது.

வெளியிலிருந்து ஆண்டறிக்கை படிப்பவருக்கும் இதில் வேலை இருக்கிறது. இந்தியக் கணக்கு நெறி இண்ட் ஏஎஸ் 108-இன்படி, பிரிவுவாரிக் கணக்கில் பிரிவுகளுக்கிடையேயான பரிமாற்றத்தை எந்த அடிப்படையில் எழுதினார்கள் என்று கம்பெனி சொல்ல வேண்டும். பெரும்பாலும் ஒரு வரியில் முடிந்துவிடும் அந்தக் குறிப்பைத்தான் நான் முதலில் தேடுவேன். அடுத்துப் பார்ப்பது, பிரிவின் வருவாயில் எத்தனை பங்கு உள்வருவாய் என்பது. அது சிறிய பங்கு என்றால் விலை எதுவானாலும் பிரிவின் லாபம் அதிகம் ஆடாது. பெரிய பங்கு என்றால் அந்த லாபம் வெளி வாடிக்கையாளர் கொடுத்த சான்றிதழ் அல்ல. சேமிக்க முடிகிற சரக்காக இருந்தால் இன்னொன்றும் உண்டு. 80 ரூபாய் அடக்கமுள்ள காகிதத்தை 100 ரூபாய்க்கு அடுத்த பிரிவுக்கு எழுதியிருக்கிறார்கள், மார்ச் 31 அன்று அதில் 5 கோடி ரூபாய்க்கான காகிதம் அங்கே கிடங்கில் இருக்கிறது என்றால், அதனுள் 1 கோடி ரூபாய் இன்னும் யாரிடமும் சம்பாதிக்காத லாபம். கம்பெனியின் மொத்தக் கணக்கில் அதைக் கழித்தாக வேண்டும், பிரிவின் கணக்கிலோ அது லாபமாகவே நிற்கும். வருடா வருடம் இருப்பு அதே அளவில் இருந்தால் பாதிப்பில்லை. கொடுக்கும் பிரிவின் லாபமும் வாங்கும் பிரிவின் இருப்பும் கடைசிக் காலாண்டில் சேர்ந்து ஏறினால், அந்த லாபத்தில் எவ்வளவு வாசலைத் தாண்டி வெளியே போயிருக்கிறது என்று கேட்க வேண்டும்.

மின்சாரத்தில் இந்தக் கேள்விக்கு இப்போது ஒரு புதிய அவசரம் வந்திருக்கிறது. 80-ஐஏ விலக்கு 2017 மார்ச் 31-க்குள் உற்பத்தி தொடங்கிய மின்நிலையங்களுக்கு மட்டும்தான். முதல் பதினைந்து வருடங்களுக்குள் பத்து வருடத்தைத் தேர்ந்துகொள்ள வேண்டும் என்பதால் அந்தக் காலமும் ஒவ்வொரு நிலையத்துக்கும் முடிந்துகொண்டே வருகிறது. 2019-இல் வந்த 22 சதவீத வரி விகிதத்தைத் தேர்ந்தெடுத்த கம்பெனிகளோ அந்த விலக்கையே விட்டுக்கொடுத்துவிட்டன. அதாவது, வாரியத்தின் முழுக் கட்டணத்தை உள்விலையாக எழுதுவதற்கு இருந்த வரிக் காரணம் பல இடங்களில் இல்லை. விலை மட்டும் அப்படியே கணினியில் மாஸ்டர் ரேட்டாக உட்கார்ந்திருக்கிறது. ஆலை மேலாளர் அதைப் பார்த்தே இன்றும் ஆர்டரை மறுக்கிறார், போர்டு அதைப் பார்த்தே எந்த மெஷினுக்குப் பணம் ஒதுக்குவது என்று முடிவெடுக்கிறது. அடுத்த பட்ஜெட்டுக்கு முன் எந்தக் கம்பெனியும் செய்யக்கூடிய வேலை, போன வருடத்தின் பன்னிரண்டு மாதங்களையும் எடுத்து, ஒவ்வொரு மாதமும் கடைசி யூனிட் வாரியத்துக்குப் போனதா, வாரியத்திடமிருந்து வந்ததா, அல்லது மின்நிலையமே சும்மா நின்றதா என்று குறித்து, அந்தந்த மாதத்து விலையில் இரு பிரிவுகளின் லாபத்தையும் மறுபடி எழுதிப் பார்ப்பது. தேவையான தகவல் முழுவதும் மீட்டர் பதிவேட்டிலும் வாரியத்தின் மாதாந்திர பில்களிலும் ஏற்கெனவே இருக்கிறது.